குழந்தைக்கு வீட்டில் நெபுலைசர் வைத்தல்: மருந்து, முகமூடி, கிண்ணம்

குழந்தைக்கு அடிக்கடி இளைப்பு கண்டு, இரவென்றும் பகலென்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடிய பெற்றோரிடம், "இனிமேல் வீட்டிலேயே ஒரு நெபுலைசர் வைத்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் சொல்லும்போது, அவர்கள் மருந்துக் கடையிலிருந்து வாங்கி வருவன நான்கு பொருள்கள்: காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரசர் யந்திரம், அதிலிருந்து புறப்படும் நீண்ட பிளாஸ்டிக் குழாய், மருந்து ஊற்றும் சிறு கிண்ணம், குழந்தையின் முகத்தில் பொருத்தும் முகமூடி. இவற்றுள் விலை மிகுந்தது யந்திரமே ஆயினும், அதன் வேலை காற்றை அனுப்புவதோடு முடிந்துவிடுகிறது. மருந்து குழந்தையின் மார்பைச் சேருமா, சேராதா என்பதைத் தீர்மானிப்பவை மூன்று காரியங்கள்: கிண்ணத்தில் என்ன மருந்து எவ்வளவு ஊற்றப்பட்டது, முகமூடி முகத்தில் எப்படிப் படிந்திருந்தது, உபயோகித்த பிறகு அந்தக் கிண்ணமும் முகமூடியும் எவ்வளவு சுத்தமாகவும் உலர்ந்தும் வைக்கப்பட்டன என்பவை. இம்மூன்றும் பெற்றோரின் கையில் இருப்பவை. இந்த அத்தியாயம் அவற்றைப் பற்றியது.

கிண்ணத்துக்குள் நடப்பதை ஒருமுறை அறிந்துகொண்டால், பின்னால் சொல்லப்போகும் விதிகளின் காரணம் தானே விளங்கும். குழாய் வழியே வரும் காற்று, கிண்ணத்தின் அடியிலுள்ள ஊசிமுனை போன்ற துவாரத்தின் வழியாக மிக வேகமாகப் பீறிடுகிறது. அந்த வேகத்தால் சுற்றியிருக்கும் மருந்து மேலே இழுக்கப்பட்டு, எதிரேயுள்ள சிறு பிளாஸ்டிக் தடுப்பில் மோதிச் சிதறுகிறது. பெரிய துளிகள் மறுபடியும் அடியில் விழ, மிக நுண்ணியவை மட்டும் புகையாக வெளியேறுகின்றன. 1 முதல் 5 மைக்ரான் வரையுள்ள துளிகளே சுவாசக் குழாய்களின் உட்கிளைகளை எட்டக்கூடியவை. அதனினும் பெரியவை வாயிலும் தொண்டையிலும் தங்கிவிடும். எல்லாம் சரியாக நடந்தாலும், ஊற்றிய மருந்தில் பத்தில் ஒரு பங்கு நுரையீரலை அடைந்தால் அதுவே நல்ல பலன் என்று கொள்ள வேண்டும். சிறு குழந்தைகளில் அது இன்னும் குறைவு. இவ்வளவு சொற்பமாகச் சேரும் மருந்தில், முகமூடியின் ஓரத்திலும் அடைபட்ட துவாரத்திலும் இன்னும் கொஞ்சத்தை இழப்பதற்கு நமக்கு வசதியில்லை.

கிண்ணத்தில் ஊற்றும் மருந்துகள்

வீட்டு நெபுலைசருக்கென்று டாக்டர்கள் எழுதும் மருந்துகள் பெரும்பாலும் இரண்டு வகையில் அடங்கும். ஒன்று, இறுகிய மூச்சுக் குழாய்களை உடனே தளர்த்தும் மருந்து. மற்றொன்று, அந்தக் குழாய்களின் உட்சுவரிலுள்ள வீக்கத்தை நாளடைவில் தணிக்கும் மருந்து. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்வதே வீட்டுச் சிகிச்சையில் நேரும் பெரும் பிழைகளுள் ஒன்று.

உடனே தளர்த்தும் வகையைச் சேர்ந்தது சால்பியூட்டமால். இளைப்பு கண்டபோது கொடுத்தால் சில நிமிஷங்களில் வேலை செய்யத் தொடங்கி, சுமார் நான்கு மணி நேரம் அதன் பலன் நிற்கும். கொடுத்த பின் குழந்தையின் கைகள் லேசாக நடுங்குவதும், நெஞ்சு படபடப்பதும், குழந்தை சற்று அமைதியின்றி ஓடியாடுவதும் உண்டு. இவை சிறிது நேரத்தில் தணியும். லெவோசால்பியூட்டமால் என்பது இதே மருந்தின் வேலை செய்யும் பாதியை மட்டும் பிரித்தெடுத்தது. ஆகையால் அதன் அளவு சால்பியூட்டமாலின் அளவில் பாதியாக இருக்கும். இதே வகையில் இப்ராட்ரோப்பியம் என்ற மருந்தையும், கடுமையான இளைப்பின்போது, சால்பியூட்டமாலுடன் சேர்த்து டாக்டர்கள் எழுதுவார்கள். முகமூடி சரியாகப் படியாமல் இந்த மருந்தின் புகை கண்ணில் பட்டால், கருமணி விரிந்து, சில மணி நேரம் பார்வை மங்கலாகத் தோன்றலாம்.

வீக்கத்தைத் தணிக்கும் வகையில் வீடுகளில் அதிகமாகப் புழங்குவது புடசோனைடு. இது ஸ்டீராய்டு இனத்தைச் சேர்ந்தது. பலன் தெரிய நாட்களும் சில வேளைகளில் வாரங்களும் ஆகும். குழந்தை மூச்சுக்குத் திணறும் வேளையில் இதை மட்டும் வைத்துவிட்டுக் காத்திருப்பது அபாயம். குழந்தை நன்றாக விளையாடுகிறதே என்று எண்ணி, டாக்டரைக் கேட்காமல் இதை நிறுத்திவிடுவதும் தவறு. இது பால்போல் கலங்கிய மருந்து. தூள் அடியில் படிந்திருக்குமாதலால், திறப்பதற்கு முன் அந்தச் சிறு பிளாஸ்டிக் குப்பியை மெல்லச் சுழற்றிக் கலக்க வேண்டும். கம்ப்ரசருக்குப் பதிலாக அல்ட்ராசோனிக் என்னும் வகை நெபுலைசரை வாங்கியவர்கள், அதில் புடசோனைடு வைக்கலாகாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அந்த யந்திரத்தில் கலங்கிய மருந்து சரிவர நுண்துளியாவதில்லை.

மருந்துடன் சேர்த்து அளவைப் பெருக்குவதற்கு உபயோகப்படுவது நார்மல் சலைன் என்னும் 0.9 சதவிகித உப்பு நீர். இது கடையில் வாங்கும் கிருமிநீக்கம் செய்யப்பட்ட சலைனாக இருக்க வேண்டும். சமையல் உப்பை வெந்நீரில் கரைத்து வீட்டில் தயாரித்ததாக இருக்கலாகாது. வெறும் தண்ணீரைப் புகையாக்கிக் கொடுப்பதும் தீங்கு. அது டிஸ்டில்ட் வாட்டராக இருந்தாலும், உப்புச் சாரமற்ற அந்த நீர் மூச்சுக் குழாய்களைச் சீண்டி இறுகச் செய்யும். யூகலிப்டஸ் தைலம், கற்பூரம், சளிக்குத் தடவும் களிம்பு, இருமல் சிரப், மூக்குச் சொட்டு மருந்து ஆகிய எவையும் இந்தக் கிண்ணத்தில் சேரலாகாது. எண்ணெய்ப் பசையுள்ள பொருள் நுரையீரலுக்குள் போனால் அங்கே அழற்சியை உண்டாக்கும்; சிரப்பிலுள்ள சர்க்கரை துவாரத்தை அடைக்கும். ஆவி பிடிப்பதற்கு ஏற்றதெல்லாம் நெபுலைசருக்கும் ஏற்றதென்று எண்ணுவதற்கு ஆதாரமில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சாதாரண ஜலதோஷத்துக்கும், இளைப்பில்லாத இருமலுக்கும் சால்பியூட்டமால் பயன்படாது. மூக்கொழுகும்போதெல்லாம் யந்திரத்தை எடுப்பது, குழந்தைக்கு நடுக்கத்தையும் படபடப்பையும் கொடுப்பதன்றி வேறு பலனைத் தராது.

மில்லிகிராமும் மில்லிலிட்டரும்

இனி ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு வயதுக் குழந்தை. எடை 16 கிலோ. டாக்டரின் சீட்டில், "சால்பியூட்டமால் 2.5 மில்லிகிராம், இளைப்பு கண்டால்; புடசோனைடு 0.5 மில்லிகிராம், காலை, இரவு" என்று எழுதியிருக்கிறது. மருந்துக் கடைக்காரர் சால்பியூட்டமாலை இரண்டு வடிவங்களில் எதிலேனும் கொடுக்கக்கூடும்.

முதல் வடிவம், ரெஸ்ப்யூல் என்று கடைகளில் வழங்கும் சிறு பிளாஸ்டிக் குப்பி. இதில் 2.5 மில்லிகிராம் மருந்து 2.5 மில்லிலிட்டர் திரவத்தில் ஏற்கெனவே கலந்திருக்கிறது. ஆகவே தலையைத் திருகி ஒடித்து, முழுவதையும் கிண்ணத்தில் பிழிந்தால் போதும். அளக்க வேண்டியதில்லை, பிழை நேர இடமும் அதிகமில்லை.

இரண்டாவது வடிவம், ரெஸ்பிரேட்டர் சொல்யூஷன் என்று பெயர் ஒட்டிய சிறு பாட்டில். இது செறிவான மருந்து. ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 5 மில்லிகிராம் இருக்கிறது. ஆகவே 2.5 மில்லிகிராம் வேண்டுமானால் அரை மில்லிலிட்டர் மட்டுமே எடுத்து, மீதியைச் சலைனால் நிரப்ப வேண்டும். அபாயம் இங்கேதான் இருக்கிறது. குழந்தை வாந்தியெடுத்து, கைகால் நடுங்கி, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும் நிலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்த தாயிடம், "சிரிஞ்சில் எவ்வளவு இழுத்தீங்கம்மா?" என்று நர்ஸ் கேட்டால், "சீட்டில ரெண்டரைன்னு இருந்துச்சு சிஸ்டர், ரெண்டரைக் கோடு வரைக்கும் இழுத்தேன்" என்ற பதில் வருமானால், குழந்தைக்குப் போனது 12.5 மில்லிகிராம், அதாவது எழுதியதற்கு ஐந்து மடங்கு என்று அறிய வேண்டும். சீட்டு சொன்னது மருந்தின் எடை. சிரிஞ்சின் கோடு காட்டியது திரவத்தின் அளவு. இரண்டும் ஒன்றாயிருப்பது ரெஸ்ப்யூலில் தற்செயலாக நேர்ந்த பொருத்தமேயன்றி, எல்லா மருந்துக்கும் அப்படியன்று.

இந்தப் பிழைக்கு இடமில்லாமல் செய்வதற்கு ஒரே வழி, சீட்டை வாங்கும்போதே, "இந்த மருந்தில் எத்தனை மில்லிலிட்டர் எடுக்க வேண்டும், எத்தனை மில்லிலிட்டர் சலைன் சேர்க்க வேண்டும்?" என்று கேட்டு, அந்த விடையை மருந்துப் பெட்டியின் மேலேயே எழுதி வைப்பதாகும். கடைக்காரர் வேறு கம்பெனி மருந்தை மாற்றிக் கொடுத்தால், அதன் செறிவையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். லெவோசால்பியூட்டமால் ரெஸ்ப்யூல்கள் 0.31, 0.63, 1.25 மில்லிகிராம் என்று பல அளவுகளில் ஒரே தோற்றத்தில் வருகின்றன. அவற்றில் எதைக் கொடுப்பது என்பதை மருந்துக் கடையின் இருப்பு தீர்மானிக்கும்படி விடலாகாது.

அடுத்து, கிண்ணத்தில் மொத்தம் எவ்வளவு திரவம் இருக்க வேண்டும் என்பது. எந்தக் கிண்ணமாயினும், சுவரிலும் அடியிலும் ஒட்டிக்கொண்டு புகையாகாமல் நின்றுவிடும் பகுதி ஒன்றுண்டு. சாதாரணக் கிண்ணங்களில் அது அரை மில்லிலிட்டர் முதல் ஒரு மில்லிலிட்டர் வரை இருக்கும். வெறும் 2 மில்லிலிட்டர் ஊற்றினால் ஏறக்குறைய பாதி மருந்தே அப்படி வீணாகிவிடக்கூடும். அதே மருந்துடன் சலைன் சேர்த்து 3 அல்லது 4 மில்லிலிட்டராக்கினால், ஒட்டிக்கொள்வது அதே அளவாயினும், அதிலுள்ள மருந்து குறைவு. நம் உதாரணக் குழந்தைக்கு, 2.5 மில்லிலிட்டர் ரெஸ்ப்யூலுடன் 1 மில்லிலிட்டர் சலைன் சேர்ப்பது பொருத்தம். பாட்டில் மருந்தானால், அரை மில்லிலிட்டருடன் 2.5 அல்லது 3 மில்லிலிட்டர் சலைன். கிண்ணத்தின் சுவரில் அதிகபட்ச அளவுக் கோடு இருந்தால் அதைத் தாண்ட வேண்டாம்.

திறந்த ரெஸ்ப்யூலில் மிச்சமிருந்தால் அடுத்த வேளைக்கென்று வைத்துக்கொள்ளாமல் எறிந்துவிட வேண்டும். அதில் கிருமியைத் தடுக்கும் பொருள் எதுவும் சேர்ந்திருப்பதில்லை. ரெஸ்ப்யூல்களைச் சுற்றியுள்ள அலுமினிய உறையைக் கிழித்த தேதியை அதன்மேல் எழுதி, மீதியை வெளிச்சம் படாமல் அதே உறைக்குள் வைத்து, அட்டையில் குறித்த காலத்துக்குள் முடித்துவிட வேண்டும். டாக்டர் இரண்டு மருந்துகளையும் ஒரே வேளையில் எழுதியிருந்தால், பொதுவாக முதலில் சால்பியூட்டமால், அது முடிந்த பிறகு புடசோனைடு என்ற வரிசை நல்லது; முதல் மருந்து திறந்துவிட்ட வழியில் இரண்டாவது மருந்து செல்லும்.

முகமூடி வைக்கும் முறை

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, யந்திரத்தை மேசையின் மீதோ உறுதியான பலகையின் மீதோ வைக்க வேண்டும். மெத்தையிலும் பாயிலும் போர்வையிலும் வைத்தால், அதன் காற்றுத் துவாரம் அடைபட்டு யந்திரம் சூடேறும். தூசியும் உள்ளே போகும். பிறகு மருந்தை ஊற்றி, கிண்ணத்தின் மூடியைத் திருகுவதற்கு முன், உள்ளே அந்தச் சிறு தடுப்புத் துண்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கழுவும்போது தவறிப் போகக்கூடிய அந்தத் துண்டு இல்லையேல், யந்திரம் எவ்வளவு இரைந்தாலும் புகை எழாது.

குழந்தையை நிமிர்த்தி உட்கார வைப்பது முக்கியம். தாயோ தகப்பனோ நாற்காலியில் அமர்ந்து, குழந்தையின் முதுகு தம் மார்பில் சாயும்படி மடியில் இருத்தி, ஒரு கையால் குழந்தையின் கைகளை மெல்ல அணைத்து, மறு கையால் முகமூடியைப் பிடிக்கலாம். கிண்ணம் செங்குத்தாக நிற்க வேண்டும். படுத்த நிலையில் அது சரிந்து, மருந்து துவாரத்தை விட்டு ஒரு பக்கம் ஒதுங்கி, புகை நின்றுவிடும்.

முகமூடி மூக்கின் மேற்பாகத்திலிருந்து மோவாய் வரை மூடி, கன்னங்களில் இடைவெளியின்றிப் படிய வேண்டும். பெரியவர்களுக்குரிய முகமூடி குழந்தைக்கு எவ்வளவு அழுத்தினாலும் படியாது. ஓரத்தால் புகை கண்ணுக்குப் போகும். குழந்தை முரண்டு பிடிக்கிறது என்பதற்காக முகமூடியைச் சற்றுத் தள்ளி, முகத்துக்கு எதிரே காட்டிக்கொண்டிருப்பது பல வீடுகளில் காணும் பழக்கம். சில ஆஸ்பத்திரிகளிலும் இதைக் காணலாம். ஆனால் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியே மருந்தின் பெரும்பகுதியை அறைக்குள் கலைத்துவிடப் போதுமானது. புகை முகத்தின் முன்னே மிதப்பதைப் பார்த்து மருந்து போகிறதென்று திருப்தியடையலாகாது.

அழுகையும் இதேபோன்ற இழப்பே. அழும் குழந்தை நீண்ட மூச்சாக வெளியே விட்டு, மிகக் குறுகிய மூச்சாக வேகமாக உள்ளே இழுக்கிறது. அந்த வேகத்தில் துளிகள் தொண்டையிலேயே படிந்து வயிற்றுக்குப் போய்விடுகின்றன. அழும்போது ஆழ்ந்து மூச்சு விடுகிறது, ஆகவே மருந்து நன்றாகப் போகும் என்று சிலர் சொல்வது சரியன்று. ஆகையால் குழந்தையைப் பழக்கும் வேலையை இளைப்பில்லாத நாளில் செய்ய வேண்டும். யந்திரத்தை ஓடவிடாமல் முகமூடியை மட்டும் பொம்மைக்கும், அப்பாவுக்கும், பிறகு தனக்கும் வைத்துக்கொள்ளக் குழந்தையை விடலாம். மற்றொரு நாள் தொலைவில் யந்திரத்தை ஓடவிட்டு அந்தச் சப்தத்துக்குப் பழக்கலாம். பின்னர் மருந்து வைக்கும் நேரத்தில் ஒரு கதையோ பாட்டோ போதுமானதாகிவிடும். வாயில் சூப்பானை வைத்துவிட்டு முகமூடி போடுவது வேண்டாம். மூக்கு வழியே போகும் துளிகளில் ஒரு பங்கு மூக்கிலேயே தங்கிவிடும். விவரம் தெரிந்த பெரிய குழந்தைகளுக்கு, முகமூடிக்குப் பதிலாக வாயில் கவ்விக்கொள்ளும் மவுத்பீஸ் மேலானது.

சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் போதும். 3 மில்லிலிட்டர் திரவம், நல்ல நிலையிலுள்ள யந்திரத்தில், 5 முதல் 10 நிமிஷங்களுக்குள் முடியும். கிண்ணத்தில் சீராக இருந்த இரைச்சல் மாறி, விட்டுவிட்டுப் பொரிவதுபோல் சப்தம் கேட்கத் தொடங்கினால் மருந்து முடியப்போகிறதென்று பொருள். அப்போது கிண்ணத்தின் பக்கத்தை விரலால் இரண்டு மூன்று முறை தட்டிவிட்டால், சுவரில் ஒட்டிய துளிகள் கீழே இறங்கி மறுபடியும் புகையாகும். அதன் பிறகு ஒரு நிமிஷத்தில் நிறுத்திவிடலாம். அடியில் தங்கும் கடைசிச் சொட்டுக்காகக் குழந்தையைப் பிடித்து வைத்திருக்க வேண்டியதில்லை.

புடசோனைடு வைத்த பிறகு மட்டும் இன்னொரு கடமை உண்டு. முகமூடி பட்ட இடத்தை ஈரத் துணியால் துடைத்து, குழந்தையை வாய் கொப்பளித்துத் துப்பச் செய்ய வேண்டும். கொப்பளிக்கத் தெரியாத குழந்தைக்குச் சில மடக்குத் தண்ணீர் கொடுக்கலாம். தாய்ப்பால் மட்டுமே அருந்தும் கைக்குழந்தைக்கு, தண்ணீர் வேண்டாம், பால் கொடுத்தால் போதும். இதைச் செய்யாவிட்டால், நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும், துடைத்தாலும் எளிதில் போகாத வெண்திட்டுகளாகப் பூஞ்சை படரக்கூடும்.

கழுவுதலும் உலர்த்துதலும்

கிண்ணத்தில் தங்கும் ஈரம் கிருமிகளுக்கு வசதியான இடம். குழாய்த் தண்ணீரிலும் ஈரமான பிளாஸ்டிக்கிலும் வளரும் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள், அடுத்த முறை யந்திரத்தை ஓட்டும்போது மருந்துடன் நுண்துளியாகி, நேரே நுரையீரலின் உட்புறத்துக்குப் போய்விடும். வாய் வழியாக உண்ணும் பொருளுக்குள்ள வயிற்று அமிலத்தின் காவல் இங்கே இல்லை. ஆகையால் கழுவும் வேலை மூன்று படிகளாக நடக்க வேண்டும்.

முதற்படி, ஒவ்வொரு முறை உபயோகித்ததும் செய்வது. கிண்ணத்தைப் பிரித்து, மிச்ச மருந்தைக் கொட்டி, மூடி, தடுப்புத் துண்டு, அடிக்கிண்ணம், முகமூடி ஆகியவற்றைக் கொதிக்க வைத்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, உதறி, சுத்தமான துணியின் மீது கவிழ்க்க வேண்டும். கேன் தண்ணீரும், வீட்டு வடிகட்டியிலிருந்து வரும் தண்ணீரும் குடிப்பதற்கு ஏற்றவையாயினும், கிருமியே இல்லாதவை என்று கொள்ள முடியாது. கொதிக்க வைத்ததே தகுதியானது.

இரண்டாம் படி, நாளுக்கு ஒருமுறை செய்வது. பாத்திரம் கழுவும் திரவ சோப்பை ஓரிரு சொட்டு வெந்நீரில் கலந்து, எல்லாப் பாகங்களையும் அதில் கழுவி, சோப்பு நீங்க அலச வேண்டும். பாத்திரம் தேய்க்கும் தூளும் கட்டிச் சோப்பும் வேண்டாம். அவற்றின் துகள் அந்த நுண்ணிய துவாரத்தில் புகுந்தால் அடைத்துக்கொள்ளும். துவாரத்தை ஊசியாலோ குண்டூசியாலோ குத்திச் சுத்தம் செய்வது கிண்ணத்தையே கெடுத்துவிடும். விரிந்துபோன துவாரம் பெரிய துளிகளையே உண்டாக்கும்.

மூன்றாம் படி கிருமிநீக்கம். நாள்தோறும் மருந்து வைக்கும் வீட்டில், ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது இதைச் செய்வது நல்லது. கிண்ணத்தை வாங்கியபோது வந்த குறிப்பில் கொதிக்க வைக்கலாமென்று சொல்லியிருந்தால், பாகங்கள் அடியில் தொடாமல் மிதக்குமளவு தண்ணீரில் போட்டு, தளதளவென்று கொதி வந்த பிறகு 5 நிமிஷம் வைத்திருந்து எடுக்க வேண்டும். மெல்லிய முகமூடிகள் பல கொதிநீரில் உருக்குலைந்து, பிறகு கன்னத்தில் படியாமல் போகும். அவற்றை 70 சதவிகித ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் 5 நிமிஷமோ, 3 சதவிகித ஹைட்ரஜன் பெராக்சைடில் 30 நிமிஷமோ ஊறவைத்து, கொதித்து ஆறிய நீரில் நன்றாக அலசி உலர்த்தலாம். இதற்கும் தயாரிப்பாளரின் குறிப்பு இடம் தருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வினிகரில் ஊறவைக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. ஆனால் அது எல்லாக் கிருமிகளையும் கொல்லாது.

எவ்வாறு கழுவினும், உலர்த்தாமல் மூடி வைத்தால் செய்த வேலையெல்லாம் வீணாகிவிடும். துணியால் துடைத்தால் நூலிழையும் கிருமியும் ஒட்டுமாதலால், காற்றில் உலர விடுவதே முறை. உலர்த்தும் இடம் தண்ணீர்த் தொட்டியின் ஓரமாகவும் குளியலறையாகவும் இருக்கலாகாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையில், காலையில் கவிழ்த்த கிண்ணம் மாலைவரை ஈரமாகவே இருப்பதுண்டு. அத்தகைய நாட்களில், பாகங்களைப் பூட்டி, குழாயை மாட்டி, மருந்தில்லாமல் யந்திரத்தை ஓரிரு நிமிஷம் ஓடவிட்டால், துவாரத்துக்குள் தங்கிய ஈரம் வெளியேறிவிடும். உலர்ந்த பிறகே டப்பாவில் வைத்து மூட வேண்டும்.

குழாயைத் தண்ணீரில் கழுவ வேண்டியதில்லை. கழுவினால் உட்புறம் உலர்வது அரிது. அதனுள் ஆவித் துளிகள் தென்பட்டால், கிண்ணத்தைக் கழற்றிவிட்டு யந்திரத்தை ஒரு நிமிஷம் ஓடவிட்டால் போதும். உட்புறம் கறுத்தோ பாசிபோல் படிந்தோ இருந்தால் குழாயை மாற்றிவிட வேண்டும். வீட்டில் இரண்டு குழந்தைகள் நெபுலைசர் வைத்துக்கொள்பவர்களாயின், யந்திரம் பொதுவாக இருக்கலாம். கிண்ணமும் முகமூடியும் தனித்தனியே இருக்க வேண்டும்.

பலன் குறைவதை அறியும் வழி

புதிய கிண்ணத்தை வாங்கிய அன்றே, 3 மில்லிலிட்டர் நார்மல் சலைன் மட்டும் ஊற்றி, புகை தொடங்கியது முதல் பொரியும் சப்தம் வரை எத்தனை நிமிஷமாகிறதென்று கடிகாரத்தில் பார்த்து, யந்திரத்தின் அடியில் எழுதி ஒட்டிவிட வேண்டும். அன்று 7 நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். மாதமொருமுறை அதே சோதனையைச் செய்யும்போது 12, 13 நிமிஷமென்று ஏறியிருந்தால், புகை மெலிந்திருக்கிறதென்று அறியலாம். முதலில் குழாய் மடிந்திருக்கிறதா, இரு முனைகளிலும் இறுகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு யந்திரத்தின் பக்கத்திலுள்ள சிறு மூடியைத் திறந்து, காற்று வடிகட்டியைப் பார்க்க வேண்டும். வெண்மை மாறிச் சாம்பல் நிறமாகியிருந்தால் புதியது போட வேண்டும். துவைத்து உபயோகிக்கலாமென்று குறிப்பில் சொல்லாத வடிகட்டியைத் துவைக்க வேண்டாம். இவை இரண்டும் சரியாக இருந்தும் நேரம் குறையவில்லையென்றால், குற்றம் கிண்ணத்தின் துவாரத்தில் இருக்கிறது. கிண்ணத்தை மாற்றிவிட வேண்டும். அது விலை குறைந்த பொருள். அடைபட்ட கிண்ணத்தில் வீணாகும் மருந்தின் விலை அதைவிட அதிகம்.

எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்

ஆஸ்பத்திரியில் கடுமையான இளைப்புக்கு நெபுலைசரைப் பெரும்பாலும் ஆக்ஸிஜனைக்கொண்டு ஓட்டுகிறார்கள். வீட்டு யந்திரம் ஓட்டுவது சாதாரணக் காற்றை. ஆகவே ரத்தத்தில் பிராணவாயு குறைந்துவிட்ட குழந்தைக்கு, வீட்டு யந்திரம் அந்தக் குறையைத் தீர்க்காது. மூச்சிழுக்கும்போது விலாவின் இடைவெளியும் கழுத்துக் குழியும் உள்ளே ஒடுங்குதல், ஒரு வாக்கியம் பேசவோ, பாலோ தண்ணீரோ குடிக்கவோ முடியாமை, உதடும் நாக்கும் நீலம் பாரித்தல், சோர்ந்து மயக்கமாகக் கிடத்தல் ஆகியவற்றுள் எது கண்டாலும், டாக்டர் எழுதித் தந்த அளவில் சால்பியூட்டமாலை வைத்துக்கொண்டே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். அதுவரை கேட்ட விசில் சப்தம் திடீரென்று நின்று, குழந்தை இன்னும் திணறிக்கொண்டிருக்குமானால், அதைக் குணமென்று எண்ணக் கூடாது. காற்றே போகாத நிலையில் சப்தமும் எழாது. இவ்வளவு கடுமையில்லாவிட்டாலும், மருந்து வைத்தும் இளைப்பு தணியாமலிருந்தாலோ, தணிந்து நான்கு மணி நேரத்துக்குள் மறுபடியும் மருந்து தேவைப்பட்டாலோ, அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மின்சாரம் நின்றுபோகும் இரவுகளுக்காக, ஸ்பேசரும் முகமூடியும் பொருத்திய இன்ஹேலர் ஒன்றையும் டாக்டரைக் கேட்டு வாங்கி வைத்திருப்பது நலம். சாதாரண, நடுத்தர இளைப்புக்கு அது நெபுலைசருக்குச் சற்றும் குறைந்ததன்று. நேரமும் குறைவாகவே ஆகும்.

இந்த அத்தியாயத்தைப் படித்து முடித்தவர்கள் இன்றே இரண்டு காரியங்களைச் செய்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மருந்துப் பெட்டியின் மேல், எந்த மருந்து எத்தனை மில்லிலிட்டர், சலைன் எத்தனை மில்லிலிட்டர் என்று, டாக்டரிடம் கேட்டறிந்தபடி, வீட்டிலுள்ள எல்லோரும் படிக்கும்படி பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பிறகு டப்பாவைத் திறந்து, கிண்ணத்தின் உட்புறத்தைப் பாருங்கள். ஈரமாயிருந்தால், அடுத்த வேளை மருந்துக்கு முன் அதைக் கொதிக்க வைத்தோ மாற்றியோ, உலர்த்தி வையுங்கள்.